விளம்பரம் யாருக்கு?

விளம்பர வாசகம் எழுத முற்படுபவர் பெரும்பாலும் தமது பண்டத்தை முன்னால் வைத்துக்கொண்டே எழுதுகின்றார். பண்டத்தின் சிறப்புக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காகிதத்தில் ஏறிவிடுகின்றன. அதனை வாங்குபவர் யார், எந்த வேளையில் அதனைத் தேடுகின்றார், எதற்கு அஞ்சித் தயங்குகின்றார் என்பன மாத்திரம் அங்கே இடம்பெறுவதில்லை. இக்குறையை நீக்கும் எளிய வழியொன்று உண்டு. எழுதுவதற்கு முன்னர் நாலைந்து பேருடன் கதைத்து, அவர்கள் கூறியவற்றிலிருந்து ஒரேயொரு மனிதரின் சித்திரத்தை வரைந்து வைத்துக்கொள்வதே அவ்வழி. அதனை வாடிக்கையாளர் சித்திரம் எனலாம்.

அமெரிக்க மென்பொருள் வல்லுநரான அலன் கூப்பர் என்பவர் 1983ஆம் ஆண்டளவில் இம்முறையைக் கையாண்டார். தமது நிரலைப் பயன்படுத்தக்கூடிய சிலருடன் உரையாடி, அவர்களுள் ஒருவரை ஒத்த கற்பனை மாந்தர் ஒருவரை மனத்தில் நிறுத்தி, அவருக்கு எது வேண்டும் என்று கேட்டுக்கேட்டே நிரலை அமைத்தார். 1999இல் வெளிவந்த அவரது நூலின் வாயிலாக அம்முறை பரவி, பின்னர் விளம்பரத் துறையிலும் வேரூன்றியது.

இம்முறை எவ்வாறு தொழிற்படும் என்பதற்கு ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்வோம். யாழ்ப்பாணத்திலே பெண்மணி ஒருவர் ஒடியல் மா இடித்து, பொதி செய்து, கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள கடைகளுக்கு அனுப்புகின்றார். ஐந்நூறு துண்டுப் பிரசுரம் அச்சிடுவதற்கு மாத்திரமே அவர் கையிற் பணமுண்டு. “பாரம்பரிய உணவு, நார்ச்சத்து நிறைந்தது, கலப்படமற்றது” என்று முதலில் எழுதிவிட்டார். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் ஐந்து பேருடன் கதைத்துப் பார்ப்பதென முடிவு செய்கின்றார்.

யாருடன் கதைப்பது என்பதே முதற் கேள்வி. உறவினரும் நண்பரும் இதற்கு ஆகார். அவர்கள் மனம் நோகாதபடி பேசுவர். ஆகவே, திரும்பத் திரும்ப வாங்கும் மூவரையும், ஒருமுறை வாங்கிப் பின் நிறுத்திவிட்ட ஒருவரையும், கூழ் காய்ச்சுபவராயினும் வேறிடத்தில் மா வாங்கும் ஒருவரையும் அவர் தெரிந்தெடுக்கின்றார். நிறுத்திவிட்டவரைத் தேடிப் பிடிப்பது கடினம். ஆயினும் பெரும்பாலும் அவரிடமே அதிகம் கற்கக் கிடைக்கும்.

என்ன கேட்பது என்பது அடுத்தது. “இந்த மா நல்லதா? இனியும் வாங்குவீர்களா?” என்று கேட்டால், “ஓம்” என்ற மரியாதையான விடை வரும், அதனால் பயன் யாதுமில்லை. நடந்து முடிந்த ஒன்றைப் பற்றியே கேட்டல் வேண்டும். “கடைசியாக எப்போது கூழ் காய்ச்சினீர்கள்? அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள்? மா எங்கே வாங்கினீர்கள்? எங்கேயாவது சங்கடப்பட்டீர்களா?” என்று கேட்டுவிட்டு, இடையிற் குறுக்கிடாமல் இருத்தல் நன்று. பதில்களைத் திருத்தி எழுதாமல், அவர்கள் வாயில் வந்தபடியே குறித்துக்கொள்ள வேண்டும். நிறுத்திவிட்ட பெண், “ஆக்கள் எல்லாம் வந்திருந்த நேரம் கூழ் கைச்சுப்போச்சுது” என்றார். இதனைச் “சுவைக் குறைபாடு” என்று எழுதிவைத்தால், விருந்தினர் முன்னே அவர் பட்ட வெட்கம் மறைந்துவிடும். அவர் வாங்காமைக்குக் காரணம் அந்த வெட்கமேயன்றோ?

ஐந்து உரையாடல்களும் முடிந்தபின் குறிப்புக்களை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது சில செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நால்வர், உறவினர் கூடும் விடுமுறை நாளிலேயே கூழ் காய்ச்சுகின்றனர். மூவர் கைப்பைப் பற்றிப் பேசினர். இருவர், ஒரு பொதி எத்தனை பேருக்குக் காணும் என்று தெரியாமல் இரண்டு பொதி வாங்கினர். மிஞ்சிய மாவில் வண்டு விழுந்துவிட்டது. நார்ச்சத்தைப் பற்றி ஒருவரேனும் வாய் திறக்கவில்லை. எஞ்சிய ஐந்தாமவர் ஓர் இளைஞர். வெளிநாட்டிலுள்ள தமையனுக்கு அனுப்புவதற்காகவே வாங்குகின்றார்.

இனிச் சித்திரத்தை வரையலாம். அதற்கு ஒரு பக்கம் போதும். புவனா என்று ஒரு பெயர் இடுகின்றார். புவனா கொழும்பில் வேலைக்குச் செல்பவர். ஊரிலே தாயார் காய்ச்சிய கூழை உண்டவர். தாமாகக் காய்ச்சிப் பழகாதவர். விடுமுறைக்கு உறவினர் வரும்போது ஊர்க் கூழ் வைத்துக் கொடுக்க விரும்புகின்றார். அவர்கள் முன்னே அது கைத்துவிடுமோ என்பதே அவர் அச்சம். ஐயம் வந்தால் ஊரிலுள்ள பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கின்றார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அது யார் சொன்னது என்ற அடையாளம் இருத்தல் வேண்டும். அடையாளமில்லாத வரி எழுதுபவரின் சொந்த ஊகம். அதற்குக் கேள்விக்குறி இட்டுவைக்க வேண்டும். புவனாவுக்குப் பிடித்த நிறம் எது, எத்தனை பிள்ளைகள் என்பன போன்ற அலங்காரங்கள் வேண்டியதில்லை. ஒரு விவரத்தை மாற்றினாலும் விளம்பரத்தில் ஒரு சொல்லும் மாறாதெனின், அவ்விவரத்தை விட்டுவிடலாம்.

இங்கே நேரக்கூடிய பெரும் பிழை ஒன்றுண்டு. அந்த இளைஞரையும் புவனாவோடு சேர்த்து, “கூழும் காய்ச்சுவார், வெளிநாட்டுக்கும் அனுப்புவார்” என ஒருவராக்கிவிடுதல் அது. அவ்வாறான மனிதர் எவருமிலர். இளைஞருக்கு வேண்டியது பயணத்தில் உடையாத பொதி. புவனாவுக்கு வேண்டியது கைக்காத கூழ். இருவருக்கும் ஒரே பிரசுரத்தில் எழுதினால் அது இருவரையும் சென்றடையாது. இம்முறை அச்சிடுவது புவனாவுக்கே. இளைஞருக்கு இன்னொரு பக்கம் தனியே ஒதுக்கப்படுகின்றது.

சித்திரம் எழுதுகோலை மாத்திரமன்றிக் கைகளையும் வேலை வாங்குகின்றது. நிறுத்திவிட்ட பெண் மாவை ஊறவிடாமலே பானையில் கரைத்திருந்தார். ஒடியல் மாவை நிறைந்த நீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை வடித்தாலே கைப்பு நீங்கும். இடித்தவருக்கு இது தெரிந்ததே, ஆயின் பொதியில் அதனை எழுத அவருக்குத் தோன்றவில்லை. இப்போது அவர் தாமே காய்ச்சி, எவ்வளவு நேரம் ஊறவேண்டும், ஒரு பொதி எத்தனை பேருக்குப் போதும் என்று அளந்து பார்க்கின்றார். அதன்பின் பிரசுரம் இவ்வாறு அமைகின்றது: “விடுமுறைக்கு ஆக்கள் வருகினமோ? மாவை நிறையத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்துவிடுங்கள், கூழ் கைக்காது. ஒரு பொதி எட்டுப் பேருக்குக் காணும். மா இடித்த திகதி பொதியின் பின்புறத்தில் உண்டு.”

அச்சிடுமுன் இன்னுமொரு சோதனை எஞ்சியுள்ளது. முன்பு கதைத்திராத ஆறாமவர் ஒருவருக்கு இதனை வாசித்துக் காட்டி, “இதில் என்ன சொல்லியிருக்கிறது?” என்று கேட்டல் வேண்டும். “நல்லாயிருக்கு” என்ற புகழ்ச்சியைக் கணக்கிலெடுக்க வேண்டியதில்லை. “இது புளிக்குமுன்னம் கரைக்கிறதோ, பிறகோ?” என்று அவர் கேட்பாராயின், விடுபட்ட செய்தி எதுவென்று புலப்பட்டுவிடும்.

ஐந்து உரையாடல்களுக்கும் ஓர் எல்லை உண்டு. எத்தகைய அச்சங்கள் மக்களிடம் உள்ளன என்பதை அவை காட்டும். அவை எத்தனை பேரிடம் உள்ளன என்பதைக் காட்டமாட்டா. ஐவருள் மூவர் கைப்புக்கு அஞ்சினர் என்பதைக்கொண்டு, கொழும்பில் நூற்றுக்கு அறுபது பேர் அஞ்சுகின்றனர் என்று கணக்கிடுதல் தவறு. நாளை அதே மா வேறோர் ஊர்க் கடைக்குச் செல்லுமாயின், அங்கே வாங்குபவர் புவனாவாக இல்லாதிருக்கலாம். அப்போது பழைய பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, மீண்டும் ஐவரைத் தேடிச் செல்லவேண்டியதுதான்.