விமானியின் தொப்பியும் விற்பனையாளரின் முக்காடும்: ஜெர்மனியில் பணித்தோற்ற விதிகள்

விமானப் பணியாளர், வரவேற்பாளர், கடை விற்பனையாளர் ஆகியோரின் உடையையும் தலைமுடியையும் நகத்தையும் பற்றி நிறுவனங்கள் விதி வகுப்பதை ஜெர்மானியச் சட்டம் தடுப்பதில்லை. ஆனால் அவ்விதி எந்த நோக்கத்துக்காக வகுக்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்குத் தொடர்பில்லாத வகையில் ஒரு சாராரை மட்டும் அழுத்தும்போது, அதை அப்படியே ஏற்க அந்நாட்டு நீதிமன்றங்கள் மறுத்து வந்திருக்கின்றன. இந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் வழக்கு, பெரிய அநீதி எதையும் பற்றியதன்று. லுஃப்தான்சா விமானி ஒருவரின் தொப்பியைப் பற்றியது.

2009 டிசம்பரில் நியூயார்க் செல்லும் விமானத்தை இயக்க வந்த அந்த விமானி சீருடைத் தொப்பி இல்லாமல் வந்ததால், நிர்வாகம் அவரை அந்தப் பயணத்திலிருந்து விலக்கியது. நிர்வாகத்துக்கும் பணியாளர்கள் தேர்ந்தெடுத்த பேரவைக்கும் இடையே கையெழுத்தாகி, அனைவரையும் கட்டுப்படுத்தும் நிறுவன உடன்படிக்கை ஒன்றே இதற்கு அடிப்படையாக இருந்தது. விமான நிலையத்தில் பொதுமக்கள் நடமாடும் பகுதிகளில் ஆண் விமானிகள் தொப்பி அணிந்தே தீரவேண்டும் என்று அது கூறியது. பெண் விமானிகளுக்கோ தொப்பி சீருடையின் பகுதியாகவே இல்லை. விரும்பினால் அணியலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். ஆண்களுக்குக் கட்டாயம், பெண்களுக்கு விருப்பம் என்ற இந்த வேறுபாடு சரியானதுதானா என்பதே வழக்கின் கேள்வி.

கொலோன் நகரத் தொழிலாளர் நீதிமன்றம் விமானிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. இறுதியில் எர்ஃபூர்ட் நகரில் உள்ள கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2014 செப்டம்பர் 30 அன்று விமானியே சரி என்று முடிவு செய்தது. அதன் வாதமுறை கவனிக்கத்தக்கது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு சீருடை இருக்கலாமா என்று நீதிமன்றம் பொதுவாகக் கேட்கவில்லை. சீருடை எதற்காக என்று மட்டுமே முதலில் கேட்டது. பயணிகள் பார்த்தவுடனேயே இவர் இந்நிறுவனத்தின் விமானி என்று அடையாளம் காணவேண்டும் என்பதே சீருடையின் நோக்கம். அந்த நோக்கம் உண்மையாயின், தொப்பி இல்லாத பெண் விமானியும் அடையாளம் காணப்படுகிறார் என்பதை நிறுவனமே ஒப்புக்கொள்கிறது; பிறகு ஆணுக்கு மட்டும் தொப்பியைக் கட்டாயமாக்க அந்த நோக்கத்தில் காரணம் எதுவும் இல்லை. விமானி என்றால் தொப்பி அணிந்த ஆண் என்ற பழைய உருவப்படம் அந்த இடைவெளியை நிரப்பப் போதுமானதன்று.

இத்தீர்ப்பு பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின்மீது எழுப்பப்பட்டதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். நிறுவனத்தில் பணிபுரியும் எல்லோரையும் சமமாக நடத்தவேண்டும் என்று பணியாளர் பேரவைகளைப் பற்றிய சட்டத்தின் 75ஆம் பிரிவு நிர்வாகத்துக்கும் பேரவைக்கும் ஒருசேரக் கட்டளையிடுகிறது; அதுவே வழக்கை முடிக்கப் போதுமானதாக இருந்தது. பேரவை கையெழுத்திட்டுவிட்டது என்பதனால் மட்டுமே ஒரு விதி நியாயமாகிவிடாது என்பது இதிலிருந்து கிடைக்கும் பயனுள்ள செய்தி.

நோக்கத்தைக் கேட்கும் இதே முறையை, 2010 ஆகஸ்டில் கொலோன் மாநிலத் தொழிலாளர் நீதிமன்றம் விமானப் பயணிகளைச் சோதனையிடும் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் தோற்ற விதிகளுக்குப் பயன்படுத்திப் பார்த்திருந்தது. பணியாளரின் நகம் அரை சென்டிமீட்டருக்குமேல் நீளக்கூடாது என்ற விதியை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சோதனையிடும் கை பயணியின் உடலைத் தொடுகிறது, நீண்ட நகம் கீறிவிடலாம். ஆனால் நகப்பூச்சு ஒரே நிறத்தில்தான் இருக்கவேண்டும் என்பதையும், ஆண்கள் தலைமுடிக்குச் சாயமிட்டால் அது இயற்கையான நிறமாகவே இருக்கவேண்டும் என்பதையும் அது தள்ளுபடி செய்தது. நகத்தின் நீளம் பயணியைப் பாதிக்கிறது. நகத்தின் நிறம் யாரையும் பாதிப்பதில்லை. மேலும், சட்டையைப் போல முடிச்சாயத்தைப் பணி முடிந்ததும் கழற்றி வைத்துவிட முடியாது; அது பணியாளரோடு வீட்டுக்கும் வருகிறது, ஆகவே அவருடைய தனிவாழ்வில் விதி கைவைத்துவிடுகிறது. ஒரே விதித்தாளில் அடுத்தடுத்து நிற்கும் வரிகளுள் ஒன்று நிலைப்பதும் மற்றொன்று விழுவதும் எதனால் என்பதை இவ்வழக்கைவிட நன்றாக விளக்கும் எடுத்துக்காட்டு அரிது.

விற்பனைத் துறையில் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே நிறுவனங்கள் வாடிக்கையாளரின் விருப்பத்தைக் காரணமாகக் காட்டுகின்றன. ஹெஸ்ஸன் மாநிலத்தின் சிறுநகரம் ஒன்றில், பல்பொருள் அங்காடியின் நறுமணப்பொருள் பிரிவில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றிய துருக்கியப் பின்னணி கொண்ட பெண் ஒருவர், குழந்தை வளர்ப்பு விடுப்பு முடிந்து திரும்பும்போது இனித் தலையில் முக்காடிட்டே வேலை செய்வதாகத் தெரிவித்தார். ஊர்ப்புறத்து வாடிக்கையாளர்கள் ஏற்கமாட்டார்கள் என்று அஞ்சிய நிர்வாகம் அவரைப் பணிநீக்கம் செய்தது. 2002 அக்டோபர் 10 அன்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் அந்தப் பணிநீக்கம் செல்லாது என்றது. வாடிக்கையாளர் விலகுவார் என்ற அச்சம் போதாது, வணிகம் உண்மையிலேயே பாதிக்கப்பட்டதை நிறுவனம் காட்டவேண்டும் என்பது அதன் நிலை. கூட்டாட்சி அரசியல் சட்ட நீதிமன்றம் மறு ஆண்டு இத்தீர்ப்பில் தலையிட மறுத்தது. அஞ்சியது நடக்கிறதா என்று பொறுத்துப் பார்க்காமலேயே ஒருவரின் பிழைப்பைப் பறித்ததுதான் அந்நிர்வாகத்தின் தவறு.

அதன்பின் பல நிறுவனங்கள், மதம், அரசியல், உலகநோக்கு ஆகியவற்றின் அடையாளம் எதையும் பணியிடத்தில் அணியக்கூடாது என்ற நடுநிலை விதியை நாடின. பெல்ஜியத்தில் வரவேற்பாளராகப் பணியாற்றிய பெண்ணின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் அத்தகைய விதிக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் ஜெர்மனியின் ம்யூலர் கடைத்தொடரில் பணியாற்றிய விற்பனையாளரின் வழக்கில் 2021 ஜூலை 15 அன்று அதே நீதிமன்றம் அந்தக் கதவைக் குறுக்கியது. நடுநிலைக்கு உண்மையான தேவை இருப்பதை நிறுவனம் மெய்ப்பிக்கவேண்டும். பெரிய, பளிச்சென்று தெரியும் அடையாளங்களுக்கு மட்டும் தடை என்றால், அது முக்காட்டைப் பிடித்துச் சிறிய சிலுவையை விட்டுவிடுவதால், மத அடிப்படையிலான நேரடிப் பாகுபாடாகவே ஆகக்கூடும்.

இத்தனைக்கும் பிறகும் ஓர் இடைவெளி திறந்தே கிடக்கிறது. 2006இல் நடைமுறைக்கு வந்த பொதுச் சமநடத்துகைச் சட்டம் இனம், பாலினம், மதம் அல்லது உலகநோக்கு, மாற்றுத்திறன், வயது, பாலியல் அடையாளம் ஆகியவற்றின் பெயரால் ஒருவரைத் தாழ்த்துவதைத் தடுக்கிறது. தோற்றமோ உடல் எடையோ அப்பட்டியலில் இல்லை. உடல் எடை காரணமாகத் தாம் வேலைக்கு எடுக்கப்படவில்லை என்று ஒரு பெண் தொடுத்த வழக்கை டார்ம்ஷ்டாட் தொழிலாளர் நீதிமன்றம் 2014 ஜூனில் தள்ளுபடி செய்தது. அவருடைய எடை சட்டம் கூறும் மாற்றுத்திறன் என்ற அளவை எட்டவில்லை என்பது முடிவு. பட்டியலில் உள்ள காரணம் ஒன்றோடு தொடர்புபடுத்த முடிந்தால் மட்டுமே தோற்றம் பற்றிய குறை வழக்காகிறது. அப்போதும் இழப்பீட்டுக் கோரிக்கையை, வேறு கூட்டு ஒப்பந்தம் இல்லாதவரை, இரண்டு மாதங்களுக்குள் எழுத்தில் தந்தாக வேண்டும். உடல் தோற்றத்தையே தனிக் காரணமாகப் பிரான்சு 2001இல் தன் சட்டத்தில் சேர்த்துவிட்டது. ரைன் ஆற்றின் இக்கரையில், எடைக்காகவும் முகத்துக்காகவும் ஒதுக்கப்படும் விற்பனையாளருக்கும் வரவேற்பாளருக்கும் அந்த ஒரு வரி இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதவேண்டிய கடமை நீதிமன்றத்தினுடையதன்று, நாடாளுமன்றத்தினுடையது.