படத்துக்குப் பேரும் வேணும், ஒரு வரியும் வேணும்

(கூட்டமைப்பின் விற்பனைப் பயிற்சியில், பனை ஓலைப் பொருட்கள் செய்யும் குழுக்களுக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)



நாம் முடைகிற ஓலைப் பெட்டியை இணையதளத்தில் போட்டு விற்பதில் இன்றைக்கு ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். போட்டோவை ஏற்றும்போது அதற்கு என்ன பேர் வைப்பது? அதோடு சேர்த்து எழுதுகிற ஒரு வரியை எப்படி எழுதுவது?

வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒருவர் ஓலைப் பெட்டி தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூகுளில் palm leaf box 6 inch என்று தட்டி, படங்கள் பகுதியைத் திறக்கிறார். நம்முடைய படம் அங்கே வந்தால் நம்மிடம் வருவார். நம்மிடம் மொத்தமாக வாங்கி விற்கிறவர் போட்ட படம் வந்தால் அவரிடம் போவார். பெட்டி நாம் முடைந்ததுதான், ஆனால் விலையில் உள்ள வித்தியாசம் அவர் கைக்குப் போய்விடும்.

கூகுள் மாதிரி தேடுபொறிகள் இப்போது படத்தைப் பார்த்தே ஓரளவு புரிந்துகொள்கின்றன. இது ஒரு பெட்டி என்று அதற்குத் தெரியும். ஆனால் 6 அங்குலமா 10 அங்குலமா, பனை ஓலையா பிளாஸ்டிக் பட்டையா என்று போட்டோவை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் படத்தைச் சுற்றி இருக்கிற எழுத்தையும் படிக்கிறது. பக்கத்தின் தலைப்பு, படத்துக்கு அருகே உள்ள விவரம், படத்தின் மாற்று வரி, கோப்பின் பேர், இத்தனையையும் சேர்த்துத்தான் முடிவு செய்கிறது.

முதலில் பேரைப் பார்ப்போம். செல்போனில் எடுத்த படத்துக்கு IMG_20240312_104455.jpg என்று தேதியும் நேரமும்தான் பேராக இருக்கும். அதை வாட்ஸ்அப்பில் ஊக்குநருக்கு அனுப்பினால் IMG-20240312-WA0007.jpg என்று மாறிவிடும், படத்தின் தெளிவும் குறையும். இரண்டிலும் பெட்டி என்ற பேச்சே இல்லை பாருங்க. ஆகவே போனில் உள்ள கோப்புகள் பகுதியிலேயே பேரை மாற்றுங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' என்று அனுப்புங்கள். வைத்த பேரும் மாறாது, தெளிவும் குறையாது.

பேரில் என்ன பொருள், என்ன அளவு, எந்த வகை என்று மூன்று சேதி இருந்தால் போதும். சொற்களுக்கு நடுவே இடம் விடாமல் சின்னக் கோடு போடுங்கள். அடிக்கோடு வேண்டாம், சின்னக் கோட்டைத்தான் கூகுள் சொல் பிரிவாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தமிழ் எழுத்திலும் பேர் வைக்கலாம், தவறில்லை. ஆனால் முகவரியை நகல் எடுத்து அனுப்பும்போது அது சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்டுவிடும். அதனால் ஆங்கில எழுத்தில் வைப்பது வசதி.

இரண்டாவது மாற்று வரி. வேர்ட்பிரஸில் செய்த தளமாக இருந்தால், படத்தை ஏற்றியதும் பக்கத்தில் Alternative Text என்று ஒரு கட்டம் வரும். அங்கே எழுதுவதுதான் இந்த வரி. வாங்க வருகிறவர் கண்ணுக்கு அது சாதாரணமாகத் தெரியாது. சிக்னல் சரியில்லாமல் படம் வராத நேரத்தில் படத்தின் இடத்தில் இந்த வரி தெரியும். கண் தெரியாதவர்களுக்கு அவர்கள் போன் இதைத்தான் வாசித்துச் சொல்லும். எனவே இது படத்தைப் பார்க்க முடியாத ஒருவருக்குச் சொல்கிற வரி என்று நினைத்து எழுதினால் சரியாக வந்துவிடும்.

ஒரு பெட்டிக்கு மூன்று படம் எடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மூடி போட்டது ஒன்று, திறந்தது ஒன்று, அளவு தெரிய உள்ளங்கையில் வைத்தது ஒன்று. பேரையும் வரியையும் இப்படி எழுதலாம்.

```
palm-leaf-box-6-inch-red-lid.jpg
மூடி போட்ட சதுரப் பனை ஓலைப் பெட்டி, 6 அங்குலம், சிவப்பு ஓரம்

palm-leaf-box-6-inch-open.jpg
மூடி திறந்த பனை ஓலைப் பெட்டி, உள்ளே நான்கு கருப்பட்டி

palm-leaf-box-6-inch-on-palm.jpg
உள்ளங்கையில் வைத்த 6 அங்குலப் பனை ஓலைப் பெட்டி
```

மூன்றும் ஒரே பெட்டிதான், ஆனாலும் மூன்று வரியும் வேறு வேறு. அந்தந்தப் படத்தில் என்ன தெரிகிறதோ அதை மட்டும் எழுதியிருக்கிறோம். 'இது ஒரு படம்' என்று ஆரம்பிக்கவில்லை, ஏனென்றால் படம் என்பதை வாசிக்கிற போனே சொல்லிவிடும். பக்கம் தமிழில் இருந்தால் வரியும் தமிழில், ஆங்கிலப் பக்கமென்றால் ஆங்கிலத்தில்.

எங்கே தப்பு வருகிறது என்றால், ஆசை அதிகமாகும்போதுதான். 'பனை ஓலைப் பெட்டி, ஓலைப்பெட்டி, கிஃப்ட் பாக்ஸ், ரிட்டர்ன் கிஃப்ட், குறைந்த விலைப் பெட்டி, நல்ல பெட்டி' என்று ஒரே கட்டத்தில் கொட்டுவார்கள். இப்படி அடுக்கினால் தேடுபொறி அதை ஏமாற்று வேலையாக எடுத்துக்கொள்ளலாம். கேட்கிற கண் தெரியாதவருக்கும் தலைவலிதான். அதேபோல, பெட்டி 5 அங்குலம் இருக்க, 6 என்று எழுதாதீர்கள். பொருள் போய்ச் சேர்ந்த பிறகு திரும்பி வந்தால் இரண்டு பக்கக் கூலியும் நம் தலையில்தான். ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. வேர்ட்பிரஸில் படத்தை ஏற்றிய பிறகு கோப்பின் பேரைச் சுலபமாக மாற்ற முடியாது, படத்தை எடுத்துவிட்டுத் திரும்ப ஏற்ற வேண்டும். மாற்று வரியை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். அதனால் பேரை ஏற்றும் முன்பே சரி பாருங்கள். ஏற்கெனவே ஏற்றிய பழைய படங்களின் பேரை எல்லாம் மாற்றக் கிளம்ப வேண்டாம். பேரால் கிடைக்கிற பலன் சின்னதுதான், வேலையோ பெரிது. அவற்றுக்கு மாற்று வரியை மட்டும் எழுதினால் போதும்.

இதற்கும் எல்லை உண்டு. பெரிய விற்பனைத் தளங்களில் போட்டால் கோப்புக்கு அவர்களே வேறு பேர் வைத்துக்கொள்வார்கள். அங்கே பொருளின் தலைப்பும் விவரமும்தான் பேசும். நம் சொந்தத் தளத்திலும், பக்கத்தில் அளவு, விலை, விவரம் எதுவும் இல்லாமல் வெறும் படமாகப் போட்டிருந்தால், மாற்று வரி மட்டும் நம்மைத் தூக்கி நிறுத்தாது.

எழுதியது சரியா என்று பார்க்க இரண்டு வழி சொல்கிறேன். எழுதிய அன்றைக்கே, பெட்டியைப் பார்க்காத ஒருவரிடம் போனில் அந்த வரியை வாசித்துக் காட்டுங்கள். பிறகு அவர் நேரில் வந்து, ஐந்தாறு பெட்டிக்கு நடுவே அதைச் சரியாக எடுத்தால் வரி சரி. சில வாரம் கழித்து, கூகுளில் site: என்று தட்டி, இடம் விடாமல் நம் தளத்தின் முகவரியை எழுதி, ஒரு இடம் விட்டு palm leaf box சேர்த்துப் படங்கள் பகுதியைப் பாருங்கள். நம் படம் வந்தால் தேடுபொறி அதைப் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லோருக்கும் முன்னால் வரும் என்று அர்த்தமில்லை. வரவில்லை என்றால் தளம் செய்து கொடுத்தவரிடம் கேளுங்கள், படம் தேடலுக்கு அடைபட்டிருக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு பொருளுக்கு மூன்று படம், மூன்று பேர், மூன்று வரி எழுதி நோட்டில் கொண்டு வாங்க. சேர்ந்து உட்கார்ந்து திருத்துவோம்.