பிரித்துப் போட்ட புடவை

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஏதாவது ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவைப் பாருங்கள். ஒரு விற்பனைப் பெண்ணுக்கு எதிரே ஐந்து குடும்பம் நிற்கும். அந்த நெரிசலில் அவர் பேசுகிற நாலு வார்த்தையை ஒரு கலையாகவே நான் மதிக்கிறேன்.

முதல் வார்த்தை, "வாங்கம்மா." அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பின்னால் நிற்பவரிடம், "உங்களையும் பாத்துட்டேங்க, இவங்களுக்கு எடுத்துக் குடுத்துட்டு வந்துடறேன்" என்று கண்ணைப் பார்த்துச் சொன்னால் போதும். பாதிப் பேர் பொறுமையாக நிற்பார்கள்.

அடுத்தது கேள்வி. "என்ன ரேட்ல பாக்கணும்?" என்று எடுத்ததுமே கேட்பது பலருக்குச் சங்கடம். பக்கத்தில் நாத்தனார் நிற்கும்போது யார் வாய் திறந்து தொகை சொல்வார்கள்? "உங்களுக்கா, வச்சுக் குடுக்கவா?" என்று கேட்கலாம். "மாமியாருக்கு" என்று பதில் வந்தால், "தினமும் கட்டுறதுக்கா, விசேஷத்துக்கா?" இந்த இரண்டிலேயே விலையும் ரகமும் ஓரளவு தெரிந்துவிடும். தினமும் கட்ட என்றால் ஒரு சுங்குடி, ஒரு சாதாரண காட்டன். விலைச்சீட்டு மேலே தெரிகிற மாதிரி, மடிப்போடு வைக்க வேண்டும்.

மூன்றாவதாக, அந்த மடிப்போடு என்பதை அழுத்திச் சொல்கிறேன். கேட்காமலே பத்துப் புடவையைப் பிரித்துப் போடுவது பழைய தந்திரம். 'இவ்வளவு கலைச்சுட்டோமே' என்ற கூச்சத்திலேயே ஒன்றை எடுத்துவிடுவார்கள். எதை விரித்துப் பார்க்கிறார்களோ, முந்தியைத் தடவுகிறார்களோ, அதை மட்டும் பிரித்தால் போதும். "காலையிலேருந்து இதுதான் ஓடுது", "கடைசி பீஸ்" இரண்டும் நெருக்கடி வார்த்தைகள். நிஜமாகவே கடைசி என்றால், வேறு கலர் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

நாலாவதுதான் கஷ்டமானது, விடுவிக்கிற வார்த்தை. "பாத்துக்கிட்டே இருங்கம்மா, பிடிக்கலைன்னா அப்படியே வச்சுடுங்க, நான் மடிச்சுக்கறேன்." வெறுங்கையோடு எழுந்தாலும் முகம் மாறக் கூடாது. அன்றைக்கு எடுக்காதவர் அடுத்த தெருவையும் சுற்றிவிட்டுத் திரும்பி வருவதுண்டு. வரும்போது அந்தப் பெண்ணைத்தான் தேடுவார்.

ஆனால் முதலாளிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு புடவைக்கும் ஊக்கத்தொகை என்று வைத்துவிட்டு, வற்புறுத்தாதே என்று எழுதிக் கொடுத்தால் எந்த வசனமும் நிற்காது. பண்டிகை வாரத்துக்காவது அந்தத் தொகையைப் பிரிவு முழுக்கப் பொதுவாக்கிப் பங்கிடலாம். இன்னொன்று நாற்காலி. கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்திருத்தமே வந்தது. காலையிலிருந்து நின்று கால் வீங்கியவரிடமிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு "சீக்கிரம் சொல்லுங்கம்மா" என்றுதான் வரும்.