டஸ்ட்டா, லீஃபா? உங்க பாத்திரத்தைக் கேளுங்க

போன மாசம் நான் செஞ்ச ஒரு தப்புல இருந்து இன்னைக்கு எபிசோடை ஆரம்பிக்கிறேன். கிழக்கு தாம்பரத்துல ஒரு கடையில 'நீலகிரி ஆர்த்தடாக்ஸ், முழு இலை'ன்னு போட்ட 100 கிராம் பாக்கெட்டை 300 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நம்ம வீட்டு டஸ்ட் பாக்கெட் 250 கிராமே 90 ரூபாய்தான். 'தூள்னா குப்பை, இலைன்னா தரம்'னு எங்கேயோ கேட்டதை அப்படியே நம்பிட்டேன். வழக்கம்போல பாலும் தண்ணியும் கொதிக்கும்போது ரெண்டு ஸ்பூன் போட்டு இறக்கினேன். ஒரு வாய் குடிச்ச அம்மா, "ஏன்டா, பாலுக்கு லேசா கலர் மட்டும் அடிச்சு வச்சிருக்க?"ன்னு கேட்டாங்க.

அந்த இலை மேல தப்பே இல்லை. நான் பயன்படுத்தின விதம்தான் தப்பு.

முதல்ல டஸ்ட்னா என்னன்னு பார்ப்போம். ஃபேக்டரியில இலையைக் காய வச்ச பிறகு, வேற வேற அளவு கண் இருக்கற சல்லடைகள்ல சலிப்பாங்க. பெருசா நிக்கிறது லீஃப், உடைஞ்சது புரோக்கன், கடைசியா பொடியா விழறது டஸ்ட். ஒரே தோட்டம், ஒரே நாள் பறிச்ச இலையில இருந்தே இது எல்லாமே வரும். அதனால டஸ்ட்ங்கிறது அளவோட பேர், தரத்தோட பேர் இல்லை. ஃபேக்டரிக் கழிவு தனி. அதை யார் வாங்கலாம், விக்கலாம்னு கட்டுப்படுத்த 1959-லயே தனி ஆணை வந்தாச்சு.

பொடி சின்னதா இருந்தா தண்ணி படற பரப்பு அதிகம். அதனால நிறமும் துவர்ப்பும் சீக்கிரமா இறங்கும். நம்ம டீக்கடை மாஸ்டர் துணி வடிகட்டியில தூளைப் போட்டு, வெந்நீர் ஊத்தி, அந்தக் கெட்டி டிகாக்‌ஷனைப் பால்ல கலக்கறார் இல்லையா? அந்த வேலைக்கு டஸ்ட்தான் சரி. முழு இலை அந்த வேகத்துக்கு இறங்காது. மெதுவா இறங்கற அதோட வாசனையையும் பால் அமுக்கிடும்.

அடுத்து, 'லீஃப் டீ'ன்னு எழுதியிருந்தாலே முழு இலைன்னு நினைச்சுடாதீங்க. கொஞ்சம் உள்ளங்கையில கொட்டிப் பாருங்க. உருண்டை உருண்டையா கடுகு மாதிரி இருந்தா அது சிடிசி. அதாவது பல் வச்ச உருளைகளுக்கு நடுவுல இலையை நசுக்கி, கிழிச்சு, சுருட்டினது. நீளமா, முறுக்கின கம்பி மாதிரி இருந்தா ஆர்த்தடாக்ஸ். பாக்கெட்ல OP-ன்னு இருந்தா முழு இலை, BOP-ன்னா உடைச்ச இலை. இதுல வர்ற O-ங்கிறது ஆரஞ்ச். ஆனா அதுக்கும் பழத்துக்கும் சம்பந்தம் இல்லை. PD, RD, SRD மூணுமே டஸ்ட் வகை.

ஊரைப் பொறுத்தவரை, அசாம் டீயில கெட்டித்தன்மை அதிகம், அதனால பாலைத் தாங்கும். நீலகிரியில உயரமான தோட்டத்து இலை வாசனையா, லேசா இருக்கும். டிசம்பர், ஜனவரி பனியில பறிக்கற இலைக்குத் தனி மவுசு உண்டு. ஆனா அட்டையில மலைப் படம் போட்டிருக்கறதை வச்சு முடிவு பண்ணாதீங்க. பெரிய பிராண்டுகள்ல பெரும்பாலும் பல ஊர் தூளைக் கலந்துதான் விக்கறாங்க. ஒரே ஊர் டீ வேணும்னா ஊர்ப் பேர் எழுத்துல இருக்கான்னு பாருங்க. நீலகிரிக்கு டீ போர்டு முத்திரையே இருக்கு.

சரி, மிச்சம் இருந்த பாக்கெட்டை என்ன பண்ணினேன்? 200 மில்லி தண்ணியைக் கொதிக்க வச்சு அடுப்பை அணைச்சேன். இரண்டரை கிராம் இலையைப் போட்டு, மூடி, 4 நிமிஷம் கழிச்சு வடிகட்டினேன். பால் கிடையாது. பூ வாசனை மாதிரி ஒண்ணு வந்தது. அதே இலையில இன்னொரு தடவை, 5 நிமிஷம் விட்டேன். கொஞ்சம் லேசாதான் இருந்தது, ஆனா குடிக்கற மாதிரி இருந்தது. கணக்குப் போட்டா, 100 கிராம்ல 40 தடவை போடலாம், ஒரு தடவைக்கு ஏழரை ரூபாய். ரெண்டு கப் எடுத்தா ஒரு கப் நாலு ரூபாய்க்கும் கீழே. டஸ்ட்ல ஒரு கப்புக்கு 2 கிராம்னா முக்கால் ரூபாய்கூட ஆகாது. பால் டீக்கு லீஃப் வாங்கினா அந்த வித்தியாசம் மொத்தமும் வீண்.

டஸ்ட் வாங்கும்போது கவனிக்க வேண்டியது சாயம்தான், குறிப்பா லூஸ்ல வாங்கும்போது. வெள்ளை ஃபில்டர் பேப்பர்ல கொஞ்சம் தூளைப் பரப்பி, பச்சைத் தண்ணி தெளிங்க. உடனே பளிச்சுன்னு கறை பிடிச்சா சந்தேகம். பேப்பரைக் குழாய்ல கழுவி வெளிச்சத்துல பாருங்க. கறை போகாம நின்னா அந்தத் தூள் வேணாம். நல்ல தூள் பச்சைத் தண்ணியில அவ்வளவு வேகமா நிறம் விடாது.

இப்போ எங்க வீட்ல ரெண்டு டப்பா. காலையில அம்மாவோட பால் டீக்கு டஸ்ட், ராத்திரி எனக்கு இலை. உங்க வீட்டு பாக்கெட்ல என்ன எழுத்து இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.