விரைவோட்ட வீரனும் தொடைப் பின்தசையும்

நூறு மீற்றர் ஓட்டத்தின் நடுவே வீரனொருவன் தொடையின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு நொண்டி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். முன்வீசிய கால் நிலத்தைத் தொடுமுன், அதன் வீச்சைத் தடுக்கும் பின்தசை நன்கு நீண்டிருக்கும். பெரும்பாலும் அக்கணத்திலேயே அது கிழிகிறது.

முதற் சில நாட்கள் அத்தசையை இழுத்து நீட்டலாகாது. எண்ணெய் பூசி அழுத்தித் தேய்க்க விரையும் அன்பர்களையும் தடுத்தல் வேண்டும். நொண்டாது நடக்க இயன்றதும், மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, குதிகால்களை ஊன்றி இடுப்பை மெல்ல உயர்த்தலாம். நோவு மிகாவிடின், பின்னர் அதனையே ஒற்றைக் காலாற் செய்யலாம். அதன் பின்னரே மெதுவோட்டம்.

இங்கேதான் வீரன் ஏமாறுகிறான். மெதுவோட்டத்தில் நோவில்லை என்றதும் ஆணிச் சப்பாத்தைத் தேடுகிறான். ஆயினும், விரலால் அழுத்துகையில் ஓரிடம் நோகுமாயின், அல்லது ஒற்றைக் காலில் இடுப்பை உயர்த்துகையில் காயமுற்ற பக்கம் தளருமாயின், விரைந்தோடும் காலம் இன்னும் வரவில்லை.

இவை யாவும் தேறிய பின்பும் ஒரு சோதனை உண்டு. சுவீடன் நாட்டு ஆய்வாளர் கார்ல் ஆஸ்க்லிங் வகுத்தது அது. மல்லாந்து படுத்த வீரன், முழங்காலை மடியாது, காலை இயன்ற வேகத்தில் மேலே வீச வேண்டும். நோவு தோன்றாவிடினும், வீசும்போது உள்ளூர ஓர் அச்சம் எழுமாயின், பயிற்சியை நீட்டிச் சில நாட்களின் பின் மீண்டும் சோதிப்பதே அவர் கொண்ட முறை.