கர்ப்பிணிக்குக் கைமருந்து: கொடுக்குமுன் மூன்று கேள்விகள்

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)

தாய்மார்களே, சகோதரிகளே, மருமகளோடு கூட வந்திருக்கிற மாமியார்மார்களே,

ஒன்பதாம் மாதம் பிறந்ததும், "வயிறு சுத்தமாகட்டும், பிள்ளை சுகமாகப் பிறக்கும்" என்று விளக்கெண்ணெய் கொடுக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அன்போடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் குடலைப் பிடித்து இறுக்கிப் பேதியாக்குகிற அதே எண்ணெய், கருப்பையின் தசையையும் இறுக்கும்.

ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். முதல் பிள்ளை ஆபரேஷனில் பிறந்தது. இப்போது 38 வாரம். இரவு விளக்கெண்ணெய் குடிக்கிறாள். நடுச்சாமத்தில் நாலைந்து தடவை பேதி, வாந்தி. உடம்பில் நீர் வற்றுகிறது. வலியோ விட்டுவிட்டு வராமல் இறுகிக்கொண்டே இருக்கிறது. அந்த இறுக்கத்தில் பழைய தையல் கிழியலாம். கிழிந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. ஆஸ்பத்திரியிலும் வலி வர மருந்து கொடுக்கிறார்கள்தானே என்பீர்கள். அங்கே பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்த்துப் பார்த்து மருந்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள், நிறுத்துவார்கள். குடித்த எண்ணெயை நிறுத்த முடியாது.

ஆகவே எந்தக் கைமருந்தானாலும் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதலாவது, இது எதற்காக? பேதியாக, வலி வர, நின்ற தீட்டு வர என்றால் வேண்டாம்.

இரண்டாவது, சமையலில் சேர்க்கிற அளவுதானா? மசக்கைக்கு நகமளவு இஞ்சியைத் தட்டி வெந்நீரில் போட்டுக் குடிப்பது பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை. கைப்பிடி இஞ்சியைப் போட்டு, மூன்று கோப்பைத் தண்ணீரை ஒரு கோப்பையாக வற்றவைத்தால் அது சாப்பாடல்ல, மருந்து. கிளினிக்கில் கேட்காமல் குடிக்கக் கூடாது.

மூன்றாவது, உள்ளே என்ன இருக்கிறது? பெயரில்லாத பொட்டலத் தூள், உருண்டை, லேகியம் எதையும் வாங்காதீர்கள். இப்படிப்பட்ட சில மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருந்ததுண்டு. அவை தாயின் இரத்தம் வழியாகப் பிள்ளைக்கும் போகும். கண்ணால் பார்த்தோ ருசித்தோ கண்டுபிடிக்க முடியாது.

ஏற்கெனவே குடித்துவிட்டால் ஏசாதீர்கள். ஏசினால் அடுத்தமுறை மறைப்பார்கள். என்ன குடித்தாள், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மருத்துவமாதுவிடம் அப்படியே சொல்லுங்கள். இரத்தம் பட்டால், தண்ணீர்க்குடம் உடைந்தால், வலி விடாமல் இறுகினால், பிள்ளையின் துடிப்புக் குறைந்தால், விடியும்வரை காத்திருக்காமல் உடனே வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிளினிக் அட்டையோடு, குடித்த மருந்தின் போத்தலையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.