ஆச்சரியம் பிடிக்காத நண்பருக்குப் பரிசு

(நம் குடியிருப்பின் மூத்த குடிமக்கள் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன சந்திப்பில் ஒரு சகோதரி ஒரு கேள்வி கேட்டார். "என் தோழிக்கு அறுபது வயது ஆகப்போகிறது. 'சர்ப்ரைஸ் எதுவும் பண்ணாதே, எனக்குப் பிடிக்காது' என்று சொல்லிவிட்டாள். என்ன வேண்டும் என்று நேராகக் கேட்டால் விசேஷத்தின் சுவையே போய்விடாதா?" அன்று நேரம் போதவில்லை. இந்த விஷயத்தில் ஒரு முறை பெரிய தப்புப் பண்ணியவன் நான்தான் என்று தெரிந்ததால், நம் செயலாளர் என்னையே பேசச் சொல்லிவிட்டார்.

தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015-இல் என்னோடு வங்கியில் இருந்த நண்பர் ஒருவர் ஓய்வு பெற்றார். என்னைவிட நான்கு வயது மூத்தவர், அதனால் எனக்கு அவர் இன்றும் 'சார்'தான். ஹெட் கேஷியர். "வழியனுப்பு விழா எல்லாம் வேண்டாம்ப்பா, ஒரு காபியோடு முடித்துக்கொள்வோம்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். நாங்கள் கேட்டோமா? மாடியில் ஹாலை அலங்கரித்து, அவருக்குத் தெரியாமல் மனைவியையும் மகளையும் வரவழைத்து, விளக்கை அணைத்துவிட்டு, "சார், சர்வர் ரூமில் ஏதோ பிரச்சினை" என்று பொய் சொல்லி அவரை மேலே கூட்டிப் போனோம். விளக்கைப் போட்டுக் கைதட்டினோம். மனிதருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கிய பெரிய சூட்கேஸைக் கையில் கொடுத்தோம். இரண்டு வார்த்தை நன்றி சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் இறங்கிப் போய்விட்டார். அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பின்னால் ஒரு நாள் அவரே காரணத்தைச் சொன்னார். "முப்பத்தேழு வருஷம் கேஷில் உட்கார்ந்தவன்ப்பா நான். எனக்கு சர்ப்ரைஸ் என்றால் சர்ப்ரைஸ் கேஷ் வெரிஃபிகேஷன்தான் ஞாபகம் வரும். சர்வர் ரூமில் பிரச்சினை என்றதும் ஏதோ பணம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே படி ஏறினேன். விளக்கைப் போட்டால் நாற்பது பேர் என் முகத்தையே பார்க்கிறீர்கள். சந்தோஷமாக இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவே எனக்குச் சரியாக இருந்தது."

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது, பாருங்கள். அவருக்குப் பரிசு பிடிக்காமல் இல்லை. தயாராக நேரமில்லாமல் போவதும், பத்துப் பேர் எதிரில் அந்த நிமிஷமே மகிழ்ச்சியைக் காட்ட வேண்டியிருப்பதும்தான் பிடிக்காதவை. உங்கள் நண்பர் 'சர்ப்ரைஸ் வேண்டாம்' என்று சொன்னால், இந்த இரண்டையும் வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்பு வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை.

அந்த சூட்கேஸ் உறை கூடப் பிரிக்காமல் இன்னும் அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. அவர் அதிகமாக எங்கும் பயணம் போகிறவர் அல்ல. அது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வணிகவியல் படித்தவன் என்பதால் இதை ஒரு கணக்காகவும் பார்க்கிறேன். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1993-இல், கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி மாணவர்களிடம் கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். கொடுத்தவர் செலவழித்த தொகையைவிடப் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாகத்தான் வாங்கியவர் அந்தப் பொருளை மதிப்பிடுகிறார் என்றார். பாசத்தின் மதிப்பை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் சூட்கேஸ் விஷயத்தில் ஒன்பதாயிரமும் நஷ்டக் கணக்கில்தான் போனது.

இனி, பத்து வருஷம் கழித்து அதே நண்பருக்குச் சரியாகச் செய்த கதை. போன தை மாதம் அவருக்கு எழுபதாவது வயதில் பீமரத சாந்தி நடந்தது. இந்த முறை கேட்டுத்தான் கொடுப்பது என்று தீர்மானித்தேன். எப்போது, எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

விசேஷத்துக்கு ஆறு வாரம் முன்பு, பூங்காவில் இரண்டு பேரும் நடந்துகொண்டிருக்கும்போது கேட்டேன். ஒரு வாரம் முன்பு கேட்டால் வாங்க நேரம் இருக்காது, அவருக்கும் யோசிக்க நேரம் இருக்காது. வீட்டில் மற்றவர்கள் முன்னால் கேட்டால் மரியாதைக்காகவாவது 'வேண்டாம்' என்றுதான் பதில் வரும். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை, பதில் சுலபமாக வரும்.

முதலில், "சார், விசேஷத்துக்கு உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றேன். "ஒண்ணும் வேண்டாம்ப்பா, நீ வந்தால் போதும்" என்றார். நம் ஊரில் இந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. 'என்ன வேண்டும்' என்று கேட்டால் பொருளையும் அவரே யோசிக்க வேண்டும், விலையையும் அவரே ஊகிக்க வேண்டும், கேட்டு வாங்கின கூச்சமும் அவருக்கே.

அதனால் கேள்வியை மாற்றினேன். "சார், இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஏதோ ஒன்று செய்வதாக இருக்கிறேன். ராத்திரி படிக்கிறதுக்கு ஒரு மேஜை விளக்கு, அல்லது நல்ல கைக்கடிகாரம் ஒன்று. இரண்டும் வேண்டாம் என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள்." இதில் மூன்று வேலை நடக்கிறது. தொகை தெரிந்துவிட்டதால் 'அதிகம் செலவு செய்கிறானோ' என்ற கவலை இல்லை. இரண்டு பெயர் சொன்னதால் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. மறுக்கவும் வழி விட்டிருப்பதால், வருகிற பதில் உண்மையாக இருக்கும்.

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். அப்புறம், "புதுக் கடிகாரம் வேண்டாம். என் பழைய எச்.எம்.டி. ஜனதாவைச் சரிபண்ணித் தர முடியுமா?" என்றார்.

1978-இல் முதல் சம்பளத்தில் வாங்கியதாம். சாவி கொடுத்து ஓட்டுகிற கடிகாரம். காலையில் சாவி கொடுத்தால் மத்தியானம் மூன்று மணிக்கே நின்றுவிடுகிறது என்று அலமாரியில் வைத்துவிட்டார். இப்படி ஒரு ஆசை அவருக்குள் இருக்கும் என்று நான் எத்தனை வருஷம் பழகினாலும் ஊகித்திருக்க முடியாது.

பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் பழைய கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். உள்ளே எண்ணெய் காய்ந்து போயிருக்கிறது, மெயின் ஸ்பிரிங்கும் தளர்ந்துவிட்டது, அதனால்தான் முழு நாளும் ஓடவில்லை என்றார். கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டு, ஸ்பிரிங்கும் மேல் கண்ணாடியும் மாற்ற ஆயிரத்து நானூறு ரூபாய், மூன்று வாரம் ஆகும் என்றார். எச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியை மூட 2016-இல் அரசாங்கம் முடிவெடுத்தது. அதனால் பாகம் தேடிப் போட நேரம் வேண்டும்.

அப்போது ஒரு கேள்வி கேட்டார். "டயல் மஞ்சளாகிவிட்டது. பெயிண்ட் அடித்துப் புதுசு மாதிரி பண்ணிவிடவா? இன்னும் முந்நூறு கொடுத்தால் போதும்." நான் 'சரி' என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். பளபளவென்று கொண்டுபோய் நீட்டினால் எப்படி இருக்கும் என்ற ஆசை எனக்கு. நல்ல வேளையாக சர்வர் ரூம் ஞாபகம் வந்தது. அங்கிருந்தே போன் போட்டேன். "ஐயோ, டயலைத் தொட வேண்டாம்ப்பா, அது அப்படியே இருக்கட்டும். அந்தப் பழுப்புதான் என் கடிகாரம்" என்று பதறிவிட்டார். கேட்காமல் செய்திருந்தால் முந்நூறு ரூபாய் கூடச் செலவழித்து அவர் கடிகாரத்தை அழித்திருப்பேன். பெயிண்ட் அடித்துவிட்டால் பழையது திரும்பி வராது.

உங்களுக்கும் இது உதவும். ஒன்றைக் கேட்டு முடிவு செய்த பிறகு, 'இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்வோமே' என்று நீங்களாக மாற்றாதீர்கள். மாற்றம் வந்தால் மறுபடி கேளுங்கள். பொருளின் குறையையும் முன்பே சொல்லிவிடுங்கள். சாவிக் கடிகாரம் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு நிமிஷம் முன்பின் போகலாம் என்று பெரியவர் சொன்னதை நான் அன்றே சாரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு அதுவும் திடீரென்று தெரிய வேண்டாம் பாருங்கள்.

அடுத்து, எப்படிக் கொடுப்பது என்பதையும் கேட்டேன். "மேடையில் கொடுக்கட்டுமா, வீட்டில் கொடுக்கட்டுமா?" "முந்தின நாள் சாயந்திரம் வீட்டுக்கு வா. கட்டிக்கொண்டே மணையில் உட்காருகிறேன்" என்றார். இந்தக் கேள்வியை நம்மில் பலர் கேட்பதே இல்லை. சிலருக்குப் பொருளைவிடக் கொடுக்கும் இடம்தான் சங்கடம்.

சரி, எல்லாம் தெரிந்துவிட்டால் விசேஷத்தின் சுவை போய்விடாதா என்ற சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அந்த மூன்று வாரமும் இரண்டு நாளைக்கு ஒரு முறை "என்னப்பா, ஓடுகிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு அந்தக் காத்திருப்பே பரிசாக இருந்தது. தெரியாமல் இருப்பதில் நமக்குக் கிடைக்கும் சுவை, எதிர்பார்த்திருப்பதில் அவருக்குக் கிடைத்தது.

ஆனாலும் ஒரு சின்ன விஷயத்தை நான் சொல்லாமல் வைத்திருந்தேன். டப்பாவுக்குள் ஒரு பக்கக் கடிதம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் என் கணக்கில் இருநூறு ரூபாய் குறைந்தது. ராத்திரி ஒன்பது மணி வரை என்னோடு உட்கார்ந்து அவர் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதைப் பற்றி எழுதியிருந்தேன். என் எதிரில் படிக்க வேண்டாம் என்று மேலே குறிப்பும் போட்டிருந்தேன். தேதி, பொருள், இடம், யார் இருப்பார்கள், இந்த நான்கும் தெரிந்தால் ஆச்சரியம் பிடிக்காதவருக்கு நிம்மதி. அந்த நான்குக்கும் உள்ளே, தனியாகப் பார்த்துக்கொள்ளும்படி ஏதாவது ஒன்றை வைத்தால் அவருக்குச் சங்கடமே இல்லை.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. கணவரையோ மனைவியையோ ரகசியமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றும். நான் சாரின் மனைவியிடம் முதலில் கேட்டிருந்தேன். "அவருக்கு ஒரு நல்ல சால்வை வாங்குங்கள்" என்றார் அக்கா. அது அக்காவின் விருப்பம், அவருடையது அல்ல. தவிர, முதுகுக்குப் பின்னால் பேசி வைத்துக்கொள்வதும் அவருக்குப் பிடிக்காததுதான்.

இன்னொன்று, எல்லா 'வேண்டாம்'உம் மரியாதை 'வேண்டாம்' அல்ல. இரண்டு பெயர், ஒரு தொகை சொல்லி ஒரு முறை கேட்ட பிறகும் 'வேண்டாம்' என்றால் அது நிஜம். அதற்கு மேல் வற்புறுத்தாதீர்கள். கடிதம் மட்டும் எழுதிக் கொடுங்கள், போதும்.

விசேஷத்தன்று மணையில் இருந்தபடியே சார் என்னைப் பார்த்து மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். நேரம் இரண்டு நிமிஷம் அதிகமாகக் காட்டியது. கடிதத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அலமாரியில் பாஸ்புக்கோடு வைத்திருக்கிறார் என்று அக்கா சொன்னார்.